சூடு ஏற ஏற மெகர் ரீடிங் இறங்கிய மோட்டார்

காசிமேடு ஐஸ்
மழைத் தண்ணி ஏறின 15 ஹெச்பி கம்ப்ரஸர் மோட்டார், 415 வோல்ட். கேபிளைக் கழட்டி, 500 வோல்ட் மெகர்ல வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவுல பார்த்தா 30 டிகிரில 0.8 மெகோம். ரோட்டரை எடுத்துட்டு உள்ள 200 வாட் பல்புகளைப் போட்டாச்சு. மூணு மணி நேரம் கழிச்சு வைண்டிங் 70 டிகிரி, முள் 0.3-ல நிக்குது. "சூடு பண்ணப் பண்ண சாவுது"ன்னு எல்லாரும் சொல்ல, அன்னைக்கே ரீவைண்டிங்குக்குப் போயிடுச்சு. அவசரப்பட்டோமோ?

தண்டையார்பேட்டை வயர்மேன்
ஒரு மெகோம் இருந்தா ஓட்டலாம், இல்லாட்டி ரீவைண்டிங். இதுல யோசிக்க என்ன இருக்கு?

எண்ணூர் ஷிஃப்ட்
இருக்கு சார். 10 டிகிரி ஏறினா ரீடிங் ஏறக்குறைய பாதியாகும். அதனால ரெண்டையும் 40 டிகிரிக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிடணும். முதல் 0.8, ஒரு படி ஏறி 0.4 ஆகுது. 70-ல வந்த 0.3, மூணு படி இறங்கி எட்டு மடங்கு, 2.4. ஆக மோட்டார் தேறிக்கிட்டுதான் இருந்திருக்கு. இந்த வகை வைண்டிங்குக்கு 40 டிகிரில 5 மெகோம் வேணும். 70-லயே வச்சுப் பார்த்தா 0.6 தாண்டினா போதும். காயறப்போ முதல்ல இறங்கும், கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும், அப்புறம்தான் ஏறும். ஒரே சூட்டுல வச்சு மணிக்கு ஒரு தடவை எழுதிட்டு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு தடவையும் சரியா ஒரு நிமிஷம் மெகரைப் பிடிச்சுத்தான் எழுதணும். முடிஞ்சதும் வைண்டிங்கை எர்த் பண்ணிட்டுத்தான் கை வைக்கணும்.

திருவொற்றியூர் போர்
எங்க வீட்டு போர் மோட்டார் பேனல்லேர்ந்து பார்த்தா 0.5 காட்டுது. அதையும் பல்பு வச்சுக் காய வைக்கலாமா?

எண்ணூர் ஷிஃப்ட்
அது தண்ணிக்குள்ள கிடக்கிற மோட்டாராச்சே! நீங்க பார்த்தது மோட்டார், கேபிள், ஜாயின்ட் மூணும் சேர்ந்த ரீடிங். மேல தூக்கி, ஜாயின்ட்டை வெட்டித் தனித்தனியாப் பாருங்க. பெரும்பாலும் ஜாயின்ட்தான்.

ராயபுரம் வைண்டிங்
அந்தப் பாதிக் கணக்கு காஞ்ச வைண்டிங்குக்குத்தான் ஒழுங்காப் பொருந்தும். ஈரமா இருக்கறப்போ 2.4-னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிசு உப்பு. காசிமேட்டுல ஏறினது வெறும் மழைத் தண்ணியா, கடல் தண்ணியும் கலந்ததா? கலந்திருந்தா நல்ல தண்ணில கழுவிட்டுத்தான் காய வைக்கணும். கழுவாம விட்டா சூட்டுல 20 காட்டின மோட்டார், ஆறி ராத்திரி கடல் காத்து பட்டதும் 1-க்கு வந்துடும்.

தண்டையார்பேட்டை வயர்மேன்
அப்போ 5 காட்டினா ஸ்டார்ட் பண்ணலாம்தானே?

ராயபுரம் வைண்டிங்
பாடிக்குப் போற லீக்கை மட்டும்தான் அது சொல்லும். ஒரே காயில்ல சுத்துக்குச் சுத்து ஷார்ட் இருந்தா 100 மெகோம் காட்டிட்டே எரியும். லிங்க்கைக் கழட்டி ஃபேஸுக்கு ஃபேஸும் பார்த்தீங்களா, ஐஸ்?

காசிமேடு ஐஸ்
லிங்க்கைக் கழட்டவே இல்ல. தண்ணி முழங்கால் உயரம், ஓரமா அலை அடிச்சுது. உப்பு இருந்திருக்கும்னுதான் தோணுது.