தாண்டிக்குடி அப்பத்தா வீடு (குழு, 23 பேர்)

சனிக்கிழமை

செல்வி (கொடைக்கானல்): எல்லோருக்கும் வணக்கம். அடுத்த ஞாயிறு அப்பத்தா வருஷத் திதி. சாப்பாடு நம் வீட்டில்தான். அப்பத்தாவுக்குப் பிடித்த மாதிரி சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, தினைப் பொங்கல் மூன்றும் வைக்கலாம் என்று அப்பா சொல்கிறார். பெரியவர்கள் 40 பேர், பிள்ளைகள் 12. எவ்வளவு வாங்குவது, எவ்வளவு தண்ணீர் வைப்பது? இன்று 2 டம்ளர் சாமைக்கு 4 டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். மேலே குழைந்துவிட்டது, நடுவில் நறுக் நறுக்கென்று இருக்கிறது, அடியும் பிடித்துவிட்டது.

கார்த்தி: அக்கா அந்தச் சாமையை யார் சாப்பிட்டது

செல்வி: நாய் கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பாண்டி சித்தப்பா: மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் செல்வி. அதனால் சீக்கிரம் வெந்துவிடும். நீ அதிக நேரம் வைத்திருப்பாய்.

தனம் பெரியம்மா: தினைக்கு எதுக்குத் தண்ணீர்? இடித்து, தேன் விட்டுப் பிசைந்தால் போதும். மாமியார் அப்படித்தான் கேட்பார்.

செல்வி: பெரியம்மா அது தினை மாவு. நான் கேட்பது பொங்கல்.

ராஜா மாமா: 🙏 இனிய காலை வணக்கம் 🌹

மரகதம் அத்தை (வத்தலக்குண்டு): செல்வி, சாமையை எவ்வளவு நேரம் ஊற வைத்தாய்? மூடி போட்டாயா? குக்கரா, பாத்திரமா?

செல்வி: ஒரு பத்து நிமிஷம் ஊறியது. திறந்த பாத்திரம். மூடி பாதி.

மரகதம் அத்தை: அப்போது சரி, கோளாறு அங்கேதான். பொறு, டைப் பண்ணுகிறேன்.

கார்த்தி: அத்தை டைப் பண்ணுகிறார் என்றால் நான் குளித்துவிட்டு வரலாம்

மரகதம் அத்தை: முதலில் பாண்டி சொன்னது. தண்ணீர் சீக்கிரம் கொதிப்பது உண்மைதான். ஆனால் கொதிக்கிற சூடே அங்கே குறைவு. இங்கே வத்தலக்குண்டில் நூறுக்குப் பக்கத்தில் கொதிக்கிற தண்ணீர், கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் நீ எவ்வளவு விறகு போட்டாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். ஆகவே சாமை மெதுவாக வேகும், அதற்குள் தண்ணீர் வற்றிவிடும். நீ பார்த்தது அதுதான். தண்ணீர் தீர்ந்துபோனதால் அடி பிடித்தது, நடுவிலிருந்த சாமைக்குப் போதவில்லை. தீயைக் கூட்டினால் இன்னும் மோசம்.

பாண்டி சித்தப்பா: நான் சொன்னதும் அதுதானே, சீக்கிரம் கொதிக்கும் என்று

மரகதம் அத்தை: கொதிப்பது வேறு, வேகிறது வேறு பாண்டி.

மரகதம் அத்தை: செல்வி, நீ போட்ட 1க்கு 2 என்பது குக்கர் கணக்கு. குக்கரில் ஆவி வெளியே போகாது, சூடும் 115 டிகிரிக்கு மேல் போகும், மலையிலும் அப்படித்தான். நன்றாக அரை மணி ஊறிய சாமைக்குக் குக்கரில் 1க்கு 2, ஒரு டம்ளர் சாமைக்கு 2 டம்ளர், இரண்டு விசில், பிறகு தானாக அடங்கட்டும். திறந்த பாத்திரம் என்றால் உன் ஊரில் 1க்கு 3 வைக்க வேண்டும். இங்கே எனக்கு 2½ போதும். தினை சாமையை விடக் கெட்டி, அதற்கு ஒரு மணி நேரம் ஊறட்டும், தண்ணீர் சாமைக்கு வைக்கிற அளவுக்கு ஒரு கால் டம்ளர் கூடுதலாக இருக்கட்டும்.

கார்த்தி: அத்தை, நான் ஊற வைத்த பிறகுதான் டம்ளரில் அளந்தேன் போன மாதம். கஞ்சியாகிவிட்டது. ஏன்?

மரகதம் அத்தை: ஊறினால் சாமை உப்பிவிடும். உன் 1 டம்ளர் உண்மையில் 1 டம்ளர் இல்லை. குறைவான சாமைக்குத் தண்ணீர் நிறைய வைத்திருக்கிறாய். உலர்ந்த சாமையை அளந்து, ஊற வைத்து, வடித்து, அப்புறம் தண்ணீரைத் தனியாக அளந்து வை. ஊற வைத்த தண்ணீரைக் கணக்கில் சேர்க்காதே.

தனம் பெரியம்மா: மாமியார் டம்ளரெல்லாம் எடுத்ததே இல்லை. விரலைப் போட்டுப் பார்ப்பார். ஒரு ரேகை மேலே தண்ணீர். அவ்வளவுதான்.

மரகதம் அத்தை: அம்மா ஒரே பாத்திரத்தில் ஒரே அடுப்பில் நாற்பது வருஷம் சமைத்தார். அந்தப் பாத்திரத்துக்குத்தான் அந்த ரேகை. வேறு பாத்திரத்துக்கு வராது மதினி.

தனம் பெரியம்மா: கடைசி மூன்று வருஷம் அந்தப் பாத்திரத்தில் நான்தான் சமைத்தேன். எனக்குத் தெரியாதா.

கார்த்தி: 🏃

கவிதா (கோவை): அத்தை, இடையில் ஒரு சந்தேகம். பாப்பாவுக்கு எட்டு மாதம். கேழ்வரகுக் கஞ்சி கட்டி கட்டியாக வருகிறது.

மரகதம் அத்தை: மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டாதே கண்ணு. முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அடுப்பில் வை. 1 பங்கு மாவுக்கு 8 பங்கு தண்ணீர், கிளறிக்கொண்டே இரு, கெட்டியான பிறகும் ஐந்து நிமிஷம். களிக்கு அப்படி இல்லை.

செல்வி: களிக்கு எப்படி என்று நானும் கேட்க நினைத்தேன். மலையில் களியும் வேகாதா?

மரகதம் அத்தை: களிக்கு அந்தக் கவலை இல்லை. கேழ்வரகு மாவு 93 டிகிரியிலேயே நன்றாக வெந்துவிடும். சாமை முழு மணி, சூடும் ஈரமும் நடு வரை போக வேண்டும், அதுதான் வித்தியாசம். மாவு 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு. எடைக் கணக்கு இல்லை, டம்ளர் கணக்கு. மாவை அமுக்காமல், லேசாக அள்ளி அளக்க வேண்டும். அமுக்கி அளந்தால் மாவு கூடும், களி கல்லாகிவிடும்.

மரகதம் அத்தை: ஒரு கரண்டி மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து அடுப்பிலிருக்கிற தண்ணீரில் ஊற்றிவிட்டு, கொதித்ததும் மீதி மாவை நடுவில் குவித்துக் கொட்டு. உடனே கிளறாதே. ஐந்து நிமிஷம் அப்படியே குவியலைச் சுற்றித் தண்ணீர் கொதித்து மேலே வரட்டும். பிறகு தீயைக் குறைத்துத் துடுப்பால் சுற்றிச் சுற்றிக் கிளறு. விரலை நனைத்துக் களியைத் தொட்டுப் பார். ஒட்டவில்லை என்றால் வெந்தது. ஒட்டினால் இன்னும் மூடி வை.

பாண்டி சித்தப்பா: எனக்குச் சாமை நிறைய வேண்டும். சர்க்கரைக்குச் சாமை எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது.

செல்வி: சித்தப்பா! போன மாதம் ரத்தப் பரிசோதனை என்ன ஆனது?

பாண்டி சித்தப்பா: அது மாம்பழம்

மரகதம் அத்தை: மாம்பழத்தின் மேல் பழியைப் போடாதே. 100 கிராம் சாமையில் ஏறக்குறைய 65 கிராம் மாவுச்சத்து, அரிசியில் 78. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அளவில்லாமல் சாப்பிடுகிற அளவுக்கு இல்லை. நார் கொஞ்சம் கூட இருப்பதால் மெதுவாக ஏறும். நீ தட்டில் குவித்தால் அதே கதைதான்.

ராஜா மாமா: சரி அளவு என்ன? ஆளுக்கு எவ்வளவு? எனக்கு இரண்டு தட்டு

மரகதம் அத்தை: சாமைச் சோறு மட்டும் என்றால் பெரியவர் ஒருவருக்கு 75 கிராம் உலர்ந்த சாமை. அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. வெந்தால் கால் கிலோ சோறு, ஒரு நல்ல தட்டு. ஆனால் பக்கத்தில் களியும் பொங்கலும் இருக்கிறதே. அப்போது 50 கிராம் போதும். 40 பேருக்கு 2 கிலோ, பிள்ளைகளுக்குப் பாதி என்று 300 கிராம். 2½ கிலோ வாங்கினால் உங்கள் மாமாவின் இரண்டாவது தட்டுக்கும் வரும்.

மரகதம் அத்தை: களி எல்லோரும் சாப்பிட மாட்டார்கள். 20 உருண்டை போதும். ஒரு உருண்டைக்கு அரை டம்ளர் மாவு, 50 கிராம் சொச்சம். 1¼ கிலோ மாவு இருந்தால் போதும். தினைப் பொங்கல் ஆளுக்கு ஒரு கரண்டி, 1 கிலோ தினை போதும்.

செல்வி: 2½ கிலோ சாமைக்குத் தண்ணீரும் 3 மடங்கா அத்தை?

மரகதம் அத்தை: இல்லை. இங்கேதான் பல பேர் ஏமாறுவார்கள். 1 டம்ளர் வைக்கிற சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் நிறைய ஆவியாகப் போகும். பெரிய அண்டாவில், மூடி போட்டால், போகிற ஆவி சாமையின் அளவுக்கு ரொம்பக் குறைவு. 2½ கிலோ சாமை அளந்தால் சுமார் 3 லிட்டர். தண்ணீர் 7 லிட்டர் கொதிக்க வை, 1 லிட்டர் தனியாகச் சுடவைத்து வைத்துக்கொள். தண்ணீர் வற்றி மேலே சின்னச் சின்ன குழி விழும்போது ஒரு மணியை நசுக்கிப் பார். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்தச் சுடுதண்ணீரைத் தெளி. புள்ளி இல்லை என்றால் இறக்கி 15 நிமிஷம் மூடி வை. பச்சைத் தண்ணீர் மட்டும் தெளிக்காதே, வேக்காடு நின்றுவிடும்.

கார்த்தி: ஏழு லிட்டர் அண்டா யாரிடம் இருக்கிறது 😐

தனம் பெரியம்மா: ஏழு லிட்டருக்கு ஏழு லிட்டர் அண்டா பத்தாது. சாமையும் உப்பிவரும். இருபது லிட்டர் வேண்டும்.

மரகதம் அத்தை: மதினி சொல்வது சரி.

கார்த்தி: இது வரலாற்றுத் தருணம்

செல்வி: அப்பத்தாவின் பெரிய அண்டா எங்கே?

பாண்டி சித்தப்பா: 2019 கல்யாணத்துக்கு ராஜா மச்சான் எடுத்துப் போனார்.

ராஜா மாமா: கொடுத்துவிட்டேன்

தனம் பெரியம்மா: யாரிடம்?

ராஜா மாமா: 🙏

மரகதம் அத்தை: என் வீட்டு மாடியில் பாருங்கள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நாளை பார்க்கிறேன். இல்லை என்றால் குக்கர்களில் நான்கு தவணை வைக்கலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல். கொடைக்கானல் குளிரில் முதல் தவணை கடைசிப் பந்திக்குள் விறைத்துப் போகும். சாமை ஆறினால் உதிர்ந்து கெட்டியாகும். மூடிவைத்த பாத்திரத்தைச் சுடுதண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி வைத்தால் தாங்கும்.

கவிதா: பழம் நான் கொண்டு வருகிறேன். விருப்பாச்சி

பாண்டி சித்தப்பா: பழம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே

ஞாயிறு

செல்வி: அத்தை, இன்று 1 டம்ளர் சாமை, அரை மணி ஊறல், 3 டம்ளர் தண்ணீர், மூடி போட்டு சின்னத் தீ. பதினெட்டு நிமிஷம். பிறகு கால் மணி நேரம் அப்படியே வைத்தேன். பொலபொலவென்று வந்தது. அடியில் மட்டும் ஒரு விரல் அகலம் பிடித்தது.

மரகதம் அத்தை: பாத்திரம் மெல்லியதா?

செல்வி: ஆமாம். அலுமினியம்.

மரகதம் அத்தை: அதுதான். அடியில் ஒரு தோசைக்கல் வைத்து அதன் மேல் பாத்திரத்தை வை.

தனம் பெரியம்மா: தினைப் பொங்கலுக்கு வெல்லம் யார் வாங்குவது?

கார்த்தி: அதை விடுங்கள், அண்டா கிடைத்ததா

மரகதம் அத்தை: மாடியில் இல்லை.

ராஜா மாமா: இனிய இரவு வணக்கம் 🌙

தனம் பெரியம்மா: ராஜா அண்ணே, தூங்காதீங்க, யாரிடம் கொடுத்தீங்க