நாவல் விரிவுரையைக் கதாபாத்திர, கருப்பொருள் அட்டவணையாக மாற்றியவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மூன்றாம்பெஞ்ச்

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு. சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட 'திங்ஸ் ஃபால் அபார்ட்' எங்களுக்குப் பாடம். சார் அருமையாக நடத்தினார், ஆனால் நாவலின் வரிசையில் போகவில்லை. பயம் என்று தொடங்கி முதல் அத்தியாயத்தில் வரும், கதாநாயகன் ஒகொங்க்வோவின் அப்பா உனோகாவைச் சொன்னார். அடுத்து ஏழாம் அத்தியாயத்துக் கொலை, உடனே கடைசி அத்தியாயத்துத் தற்கொலை. கேட்கும்போது எல்லாம் புரிந்தது. எழுத உட்கார்ந்தால் எது எந்த அத்தியாயம் என்று தெரியவில்லை.

அப்புறம் வகுப்பின் ஒலிப்பதிவை மறுபடி கேட்டு, சார் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் ஓர் எழுத்துப் போட்டேன். நாவலில் நடந்தது என்றால் 'ந', சாரின் விளக்கம் என்றால் 'வி', நாவல் நடக்கும் நைஜீரியாவின் இக்போ மக்களின் வழக்கம், ஆங்கிலேயர் ஆட்சி மாதிரி பின்னணி என்றால் 'பி'. 'ந' மட்டும்தான் அட்டவணைக்குள் போகும். 'வி'யைத் தாளின் உச்சியில் தனியாக எழுதினேன், அது இன்னும் நிரூபிக்க வேண்டிய கூற்று என்பதால்.

உச்சியில் நான் எழுதியது இது: "ஒகொங்க்வோ செய்வதெல்லாம் கோழை என்ற பெயர் வந்துவிடும் என்ற பயத்தால்." கீழே வரிசைகள். அத்தியாயம் 1இல் கடனோடு செத்த அப்பா. 2இல் அந்தப் பயத்தைக் கதைசொல்லியே நேரடியாகச் சொல்கிறார். 7இல், தன் வீட்டில் வளர்ந்து, தன்னை அப்பா என்று அழைத்த சிறுவன் இகெமெஃபூனாவைத் தானே வெட்டுகிறான், பலவீனன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து. மூன்றும் சாரின் கூற்றுக்கு அழகாகப் பொருந்தின.

மற்றவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

கோவைத்தம்பி

இவ்வளவு வேலை எதற்கு நண்பா? ஆளுக்கு ஒரு தாள் போதும். ஒகொங்க்வோவுக்கு ஒன்று, மகன் ந்வோயேவுக்கு ஒன்று. அத்தியாய எண்ணை விடப் பக்க எண் வசதி, சட்டென்று திருப்பிப் பார்த்துவிடலாம். நான் அப்படித்தான் எழுதினேன், மார்க் வந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, கையில் இருக்கும் ஒரே புத்தகத்தை வைத்துப் படித்தால் பக்க எண் உதவும். பதிப்பு மாறினால் பக்கமும் மாறிவிடும். நூலகப் பிரதியும் நண்பனின் பிரதியும் ஒத்துப்போகாது. மொத்தம் 25 அத்தியாயங்கள், முதல் பாகத்தில் 13, மற்ற இரண்டிலும் ஆறாறு. அந்த எண் எல்லாப் பிரதியிலும் ஒன்றுதான். பக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆளுக்கு ஒரு தாள் போட்டால் ஏழாம் அத்தியாயம் சிதறிப்போகும். அந்தக் கொலை மூன்று பேர் கதையிலும் இருக்கிறது. ஒகொங்க்வோவுக்குப் பயம், இகெமெஃபூனாவுக்குச் சாவு, ந்வோயேவுக்கு உள்ளே ஏதோ அறுந்துபோகிறது. ஒரே வரிசையில் மூவரும் இருந்தால்தான் 16இல் ந்வோயே கிறிஸ்தவப் பாட்டைக் கேட்டு ஏன் உருகுகிறான் என்பது புரியும். காட்டில் விடப்பட்டு அழும் இரட்டைக் குழந்தைகளும் இகெமெஃபூனாவின் சாவும் அங்கே மறுபடி அவன் மனதில் வருகின்றன. 16ஐ மட்டும் வைத்து எழுதுபவர்கள் "பாட்டு பிடித்ததால் மதம் மாறினான்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த விடையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மூன்றாம்பெஞ்ச், உங்கள் அட்டவணையில் ஒரு பத்தி குறைகிறது. 'எதிராக' என்று ஒன்று சேருங்கள். மூன்று வரிசையும் பொருந்தியது என்றால், பொருந்துவதை மட்டுமே தேடியிருக்கிறீர்கள். நான்காம் அத்தியாயத்தைப் பாருங்கள்.

பாட்டிவீட்டுவாசகி

என் தங்கை பிளஸ் டூ. துணைப்பாடச் சிறுகதைக்கு இந்த மாதிரி அட்டவணை யாரிடமாவது தயாராக இருக்கிறதா? சிறுகதையில் அத்தியாயமே இல்லையே, எதைப் போடுவது?

ஓய்வுபெற்ற வாத்தியார்

இடமோ நேரமோ மாறும் இடத்தில் ஒரு கோடு போட்டு எண் கொடுக்கச் சொல்லுங்கள் அம்மா. அந்தக் கோட்டைத் தங்கையே போடட்டும், தயாராக வாங்கினால் கதையைப் படிக்காமலே போய்விடுவாள்.

மூன்றாம்பெஞ்ச்

சார், 'எதிராக' பத்தியை நிரப்பிவிட்டேன். நான் எதிர்பார்க்கவே இல்லை.

அத்தியாயம் 4: யாரையும் அடிக்கக் கூடாத அமைதி வாரத்தில் இளைய மனைவியை அடிக்கிறான். மற்ற மனைவிகள் கெஞ்சியும் நிறுத்தவில்லை. தெய்வத்துக்குப் பயந்துகூட பாதியில் நிறுத்துகிற ஆள் இல்லை என்று கதைசொல்லி சொல்கிறார். அப்படியென்றால் இது பயமே இல்லை, கோபம். 5இல் இரண்டாம் மனைவி எக்வெஃபியைத் துப்பாக்கியால் சுடப்போவதும் கோபம்தான். இரண்டையும் "ஆண்மை" என்ற ஒரே தீமில் போட்டிருந்தேன், இப்போது பிரித்துவிட்டேன்.

8இல் சிறுவனைக் கொன்றபின் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நண்பன் ஒபியெரிகா அவனைக் கண்டிப்பதும் அங்கேதான். ஆரூடம் சிறுவன் சாக வேண்டும் என்றது, ஆனால் அதை நிறைவேற்றும் வேலையைத் தன்னிடம் தரவில்லை என்கிறான் ஒபியெரிகா. சார் வகுப்பில் "ஆரூடம் சொன்னது, அதனால் வெட்டினான்" என்றார். அந்த வரியை 'ந' என்று குறித்திருந்தேன், 'வி' என்று மாற்றிவிட்டேன்.

இரவுப்பேருந்து

இதற்கு முன்பு நானும் இதே நாவலுக்குப் போட்டேன். நீங்கள் 'யார் வழியாகத் தெரிகிறது' என்று ஒரு பத்தியும் வைக்க வேண்டும். 11இல் பூசாரி சீலோ, ஒகொங்க்வோ-எக்வெஃபியின் மகள் எசின்மாவைத் தூக்கிக்கொண்டு இரவில் போகிறாள். எக்வெஃபி பின்னால் போகிறாள், கடைசியில் ஒகொங்க்வோ வந்து நிற்கிறான். அங்கே படித்தால் அவன் ஒருமுறைதான் வந்தான் என்று தோன்றும். அவன் கவலையில் போய்ப் போய்த் திரும்பி, நான்காவது முறைதான் எக்வெஃபியைக் கண்டான் என்பது 12இல்தான் வருகிறது. நிகழ்ச்சி 11, ஆதாரம் 12. நான் இரண்டு எண்ணையும் எழுதி இடையில் ஒரு கோடு போட்டேன். மகளுக்காக இரவெல்லாம் அலைந்தவனைப் பற்றி எழுத இந்த நாவலில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

கோவைத்தம்பி

சரி, அப்போது சாரின் கூற்றே தப்பா?

ஓய்வுபெற்ற வாத்தியார்

தப்பில்லை, அளவு அதிகம். "எல்லாம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "மற்றவர் பார்க்கும்போது அவன் செய்வது" என்று வைத்துப் பாருங்கள். 7ஆம் அத்தியாயக் கொலை உள்ளே வரும். யாரும் பார்க்காத இரவில் அவன் அலைந்தது வெளியே நிற்கும்.

மூன்றாம்பெஞ்ச்

அப்படியே மாற்றி எழுதுகிறேன் சார். 25ஆம் அத்தியாயத் தற்கொலையை எங்கே வைப்பது? 'பயம்' பத்தியில் போட்டிருந்தேன்.

இரவுப்பேருந்து

நான் அதைப் பயத்தில் போடவில்லை. 24இல் ஆங்கிலேயர் ஆட்சியின் தூதனை வெட்டியதும், தன் ஊரான உமுவோஃபியா போருக்கு வராது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதுதான் அவன் மனதுக்குள் நாம் கடைசியாகப் போகும் இடம். எனக்கு அந்தத் தற்கொலை தன் மக்களோடு முறித்துக்கொண்டது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

எனக்கு அதில் அப்பாவின் நிழல் தெரிகிறது. உனோகாவைத் தீய காட்டில் விட்டார்கள், முறையாகப் புதைக்கவில்லை. தற்கொலை செய்துகொண்டதால் இவனையும் சொந்த ஊரார் தொட்டுப் புதைக்க முடியாது. பயந்து ஓடிய இடத்துக்கே வந்து சேர்ந்தான் என்று வாசிப்பேன். ஆனால் 25இல் அவன் மனம் நமக்குக் காட்டப்படவே இல்லை. ஒபியெரிகாவின் பேச்சும் மாவட்ட ஆணையரின் நினைப்பும்தான் இருக்கின்றன. ஆகவே அந்த வரிசையில் 'யார் வழியாக' என்பதில் அந்த இரண்டு பெயர்களையும் எழுதிவிட்டு, தீம் கட்டத்தைக் காலியாக விடலாம்.

மூன்றாம்பெஞ்ச்

காலியாக விட்டால் தேர்வில் எழுத ஒன்றும் இருக்காது சார். இரண்டு வாசிப்பையும் 24, 25 ஆதாரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதப்போகிறேன்.