20 லட்சத்துக்குச் சாகும்வரை பென்ஷன்: அசல் திரும்ப வேண்டுமா, வேண்டாமா?

மார்த்தாண்டம் வாத்தியார்: தனியார் பள்ளியில் வேலை பார்த்தவன், பென்ஷன் கிடையாது. எனக்கு 66, மனைவிக்கு 60. சொந்த வீடு, கையில் 20 லட்சம். மாதம் 15,000 வேண்டும். என் அம்மா 91 வரை இருந்தார். எனக்கு முன்னால் பணம் தீர்ந்துவிடுமோ என்று பயம். ஆயுள் முழுக்க 7 சதவீதம் தந்து, கடைசியில் 20 லட்சத்தையும் பிள்ளைகளுக்குத் தரும் பாலிசி என்கிறார் ஏஜென்ட். போடலாமா?

குலசேகரம் ரப்பர்: பாலிசி எதுக்கு சார்? எனக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர்தான் பென்ஷன். அந்தப் பணத்துக்கு நிலம் பாருங்கள்.

தக்கலை அக்கா: 66 வயதில் பால் வெட்ட ஆள் தேடி அலையவா? மழைக்காலத்தில் வெட்டே நடக்காது. மரம் கிழடாகி மறுநடவு செய்தால் ஏழு வருஷம் பால் இல்லை. சார் கேட்டது இது இல்லை.

கோட்டார் ரெஜி: ஏஜென்ட் சொன்னது சரிதான். அசல் திரும்பாத திட்டத்தில் போட்டு மூணாம் வருஷமே போய்ச் சேர்ந்தால் முழுப் பணமும் கம்பெனிக்கு. இதில் பிள்ளைகளுக்கு நஷ்டம் இல்லை.

கணக்கு அண்ணாச்சி: பிள்ளைகளுக்கு நஷ்டம் இல்லைதான். ஆனால் வாத்தியாருக்கு லாபமும் இல்லை. அசல் திரும்பும் திட்டத்தில் கம்பெனி உங்கள் 20 லட்சத்தை வைத்துக்கொண்டு வட்டியை மட்டும் தருகிறது. சந்தேகம் இருந்தால் 60 வயதுக்கும் 75 வயதுக்கும் கொட்டேஷன் கேளுங்கள். இந்தத் திட்டத்தில் தொகை பெரிதாக மாறாது. அசல் திரும்பாத திட்டத்தில் 75-க்கு நன்றாகவே ஏறும். சீக்கிரம் போனவர்களின் பணம் நீண்டநாள் இருப்பவர்களுக்குப் போவதால்தான் அந்த ஏற்றம். ஆயுள் பயத்துக்கு மருந்து அந்த இடத்தில்தான் இருக்கிறது, அசலைத் திருப்பிக் கேட்டால் அது போய்விடும்.

ஏஜென்ட் சொன்ன 7 சதவீதம் மாதம் 11,667 ரூபாய்தான். தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்பில் 8.2 சதவீதம் என்றால், இதே 20 லட்சத்துக்கு மூணு மாசத்துக்கு ஒருமுறை 41,000, அசலும் உங்களிடமே. சும்மா 7 சதவீத வட்டியில் வைத்து மாதம் 15,000 எடுத்தாலும் 21 வருஷத்துக்கு மேல் ஓடும், உங்களுக்கு 87 ஆகிவிடும்.

கோட்டார் ரெஜி: அந்த 8.2 நிலையானதா? 2020 ஏப்ரலில் 8.6-லிருந்து 7.4-க்கு இறக்கினார்கள். அஞ்சு வருஷம் முடிந்து புதுப்பிக்கும்போது என்ன கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? பாலிசியில் இன்றைய விகிதம் சாகும்வரை மாறாது.

கணக்கு அண்ணாச்சி: அது நியாயமான வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விகிதம் மாறாதது போலவே தொகையும் மாறாது. மருந்து, அரிசி விலைக்கு ஏற்ப மாதம் 15,000-ஐ வருஷம் 5 சதவீதம் கூட்டி எடுத்தால், 7 சதவீத வட்டியில் வைத்த அந்த 20 லட்சமும் 13 வருஷத்தில் காலி. அப்போது வாத்தியாருக்கு 79, மனைவிக்கு 73 தான்.

இங்கே மனைவியை எல்லாரும் மறந்துவிட்டோம். ஒருவர் பெயரில் மட்டும் போட்டால் வாத்தியார் போனதும் பென்ஷன் நின்றுவிடும். இருவர் பெயரிலும் போட்டால், மனைவிக்கு 60 தான் என்பதால், அசல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் இப்போது பெரிய ஏற்றம் கிடைக்காது. அதனால் நான் என்றால் இப்போது தபால் ஆபீஸில் வைத்திருந்து, மனைவிக்கு 70 ஆகும்போது ஒரு பாதியை மட்டும் இருவர் பெயரில், அசல் திரும்பாத திட்டத்தில் போடுவேன். மீதி ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கையில் இருக்கட்டும்.

தக்கலை அக்கா: அண்ணாச்சி கணக்கு சரி, ஆனால் பத்து வருஷம் அந்தப் பணம் அங்கேயே இருக்குமா? எங்க அம்மா இப்படித்தான் தபால் ஆபீஸில் போட்டிருந்தார். தம்பி வீடு கட்ட உடைத்துக் கொடுத்தார். இன்று மாதம் நாலாயிரத்துக்கு மகன் முகத்தைப் பார்க்கிறார். அசல் திரும்பாத பாலிசியாக இருந்தால் யாரும் கேட்டிருக்கவே முடியாது.

கோட்டார் ரெஜி: அதே பூட்டு ஆபத்தும்தானே அக்கா? என் மாமா வாழ்நாள் சான்று கொடுக்க மறந்ததால் ஆறு மாதம் பென்ஷன் வரவில்லை. சான்று கொடுத்த பிறகுதான் பாக்கி வந்தது. அதுவரை அசலைத் தொடவும் வழி இல்லை.

மார்த்தாண்டம் வாத்தியார்: என் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். வீட்டுக்கு மாடி எடுக்கணும் என்று போன மாசம்தான் கேட்டான். அக்கா சொன்னதைப் படித்ததும் என் மனைவி, “அண்ணாச்சி சொல்லுற பாதியை இப்பவே போடுங்க” என்கிறாள். 70 வரை பொறுத்தால் எவ்வளவு கூடும் என்று இரண்டு கொட்டேஷனும் கேட்டு வந்து எழுதுகிறேன்.