அம்மாவோட எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை எளிய தமிழ்ல எழுதணும், கொஞ்சம் பார்த்து சொல்லுங்க

அம்மாவுக்கு இடுப்பு எம்ஆர்ஐ எடுத்தோம், ரிப்போர்ட் மூணு பக்கம், அம்மா பயந்துபோய் தினமும் கேக்குறாங்க, அதான் அவங்களே படிக்கிற மாதிரி எழுதிட்டிருக்கேன். முக்கியமான வரி, எல்4-எல்5ல லெஃப்ட் பாராசென்ட்ரல் டிஸ்க் புரோட்ரூஷன், லெஃப்ட் எல்5 நர்வ் ரூட் கம்ப்ரஷன், மாடரேட் கெனால் ஸ்டெனோசிஸ். நான் முதல்ல "டிஸ்க் விலகி நரம்பை அழுத்துது"னு மட்டும் எழுதினேன், அதுல எந்தப் பக்கம், எந்த லெவல், எவ்வளவுங்கிறது மூணுமே போயிடுச்சு. இப்ப மாத்தினது இது:

"இடுப்புல 4வது, 5வது எலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க் இடது பக்கமா பிதுங்கி, இடது காலுக்குப் போற எல்5 நரம்பை அழுத்துது. நரம்புகள் போற பாதை நடுத்தர அளவுக்கு குறுகியிருக்கு. தண்டுவடத்தோட கீழ் முனை நார்மல்."

அம்மாவுக்கு வலி இடது கால் வெளிப்பக்கமா கட்டைவிரல் வரைக்கும் இறங்குது, அதனால எல்5 பொருந்துதுனு நினைக்கிறேன்.

எல்2ல சின்ன ஹெமாஞ்சியோமானு வேற இருக்கு, பெரும்பாலும் தொந்தரவு இல்லாத ரத்தக்குழாய்க் கட்டிதான், ஆனா "கட்டி"ன்னு பார்த்தாலே அம்மா தூங்க மாட்டாங்க, விட்டுடவும் மனசு வரல. பிசியோ, ரேடியாலஜி தெரிஞ்சவங்க இதை எப்படி எழுதுவீங்க? "நடுத்தர அளவு"ங்கிறது மாடரேட்டுக்கு சரியா?