மார்ச் மாதத்தில் ஒரு மணி நேரம் நழுவிய கூட்டம்

தாமரை_இலை
லண்டனில் இருக்கும் ஓர் ஆலோசகருக்குப் பகுதிநேர விர்ச்சுவல் அசிஸ்டென்டாக இருக்கிறேன். தினமும் 3 மணி நேரம் மெயில், காலண்டர், பில் கணக்கு ஷீட். நியூயார்க் வாடிக்கையாளர் ஒருவருடன் திங்கள்தோறும் கூட்டம். அவருக்குக் காலை 9, லண்டனில் மதியம் 2. நவம்பரில் நான் போட்டுவைத்தது. நாலு மாதம் பிசகவே இல்லை.

மார்ச்சில் ஒரு திங்கள், லண்டனில் 1.40 ஆனபோது அந்த வாடிக்கையாளரிடமிருந்து மெயில்: "40 நிமிடமாகக் காத்திருக்கிறேன், வருகிறீர்களா?" காலண்டரைப் பார்த்தேன், 2 மணி என்றுதான் இருந்தது. அவர்தான் தவறாகப் பார்த்துவிட்டார் என்று நினைத்து, சார் பெயரிலேயே "கூட்டம் இன்னும் 20 நிமிடத்தில்" என்று பதில் அனுப்பிவிட்டேன். உடனே வந்தது மறுபதில்: "எப்போதும் 9 மணிக்குத்தானே?" அதைப் படித்ததும் கை நடுங்கியது. கோடைக்கால நேரத்துக்காக முந்தைய நாள் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருக்கிறார்கள். அந்தப் பதிலை நான் அனுப்பாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடிகாரமுள்
எல்லாவற்றையும் உலகப் பொது நேரமான UTC-யில் போட்டுவிடுங்கள். அது மாறவே மாறாது, குழப்பமும் வராது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய_செயலர்
கடிகாரமுள், UTC மாறாது என்பது உண்மைதான். ஆனால் இங்கே வினையே அதுதான். அந்த வாடிக்கையாளரின் 9 மணி UTC-யில் குளிர்காலத்தில் 14, கோடையில் 13. மாறாத ஒன்றில் கட்டிவைத்தால் அவருடைய கடிகாரம் நகரும்போது கூட்டம் பின்தங்கிவிடும். நடந்த நிகழ்வைக் குறித்து வைக்க UTC நல்லது, வாராவாரம் வரும் கூட்டத்துக்கு ஆகாது.

தாமரை, உங்கள் ஊரில் கடிகாரம் மாற்றுவதில்லை என்றால் ஒன்றைப் பாருங்கள். அந்தக் கூட்டத்தைத் திறந்து, நேரத்துக்குப் பக்கத்தில் எந்த டைம் ஸோன் இருக்கிறது? உங்கள் லேப்டாப்பின் ஸோனாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது யாருடைய கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட கூட்டமோ அவருடைய ஸோனில்தான் இருக்க வேண்டும், இங்கே America/New_York. EST என்று எழுதிவைக்காதீர்கள், அது குளிர்கால நேரத்தின் பெயர் மட்டுமே.

அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறும், பிரிட்டன் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 5 மணி நேரம் இல்லை, 4 தான். இலையுதிர் காலத்திலும் இப்படி ஒரு வாரம் உண்டு: பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. அந்த வாரங்கள் வருவதற்கு முன்பே எல்லாக் கூட்டங்களையும் ஒருமுறை திறந்து பார்ப்பேன்.

மழைத்துளி22
எனக்கு நடந்தது வேறு. நான் உதவும் டாக்டர் தன் மெயில் பாஸ்வேர்டையே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு முறை நுழையும்போதும் சரிபார்ப்பு எண் அவர் போனுக்குத்தான் போகும். ஒருநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாலு தடவை போன் அடித்தது, அவர் கோபப்பட்டார். இப்போது ஜிமெயிலில் டெலிகேட்டாகச் சேர்த்துவிட்டார். என் கணக்கிலிருந்தே அவர் மெயிலைப் படிக்கிறேன், பதில் போடுகிறேன். பாஸ்வேர்டை மாற்ற என்னால் முடியாது, அதுவே எனக்கு நிம்மதி. தாமரை, நீங்களும் அப்படியே செய்யுங்கள். அப்புறம் நேரம் சம்பந்தப்பட்ட மெயிலுக்கு நேரடியாகப் பதில் அனுப்பாதீர்கள், டிராஃப்டில் வைத்து அவரிடம் காட்டுங்கள்.

பழைய_செயலர்
அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கூட்டத்தை உறுதிசெய்யக்கூட அவரைக் கேட்க வேண்டும் என்றால் அவருக்கு என்ன மிச்சமாகிறது? யாராவது காத்திருக்கிறேன் என்று சொன்னால் மட்டும் மெயிலில் வாதாடாமல் உடனே சாருக்குப் போன் செய்ய வேண்டும்.

மழைத்துளி22
டாக்டரின் நேரம் வேறு விஷயம் சார். தப்பான பதில் போனால் ஒரு நோயாளி வீணாக வந்து நிற்பார்.

தாமரை_இலை
அண்ணா, இப்போதுதான் திறந்து பார்த்தேன், என் லேப்டாப் ஸோன்தான். மாற்றிவிட்டேன். எனக்கு வந்த மெயிலில் வாடிக்கையாளர் 9 மணி என்று மட்டும் எழுதியிருந்தார். நான் அனுப்பிய அழைப்பை ஏற்காமல் தன் டைரியில் குறித்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அவர் பக்கம் 10 என்று காட்டியதை அவர் பார்க்கவேயில்லை.

மற்றவற்றையும் பார்த்தேன். சாருடைய பல் டாக்டர் சந்திப்பு ஏப்ரலில், காலை 10 மணிக்கு. இதுவும் என் ஸோனில்தான் கிடக்கிறது. ஏப்ரலுக்குப் போய்ப் பார்த்தால் லண்டன் நேரம் 11 என்று காட்டுகிறது. சாரிடம் இன்றே சொல்லிவிட்டு Europe/London என்று திருத்தப் போகிறேன்.