“பாட்டிக்குக்கூடப் புரியும்” என்ற வரியை நான் கவனிக்காமல் விட்ட கதை

வரிப்பார்வை எழுதியது:
விளம்பர வாசகங்கள் வெளியாகும் முன் அவற்றைப் படித்துப் பார்ப்பது என் வேலை. பணம் அனுப்பும் செயலி ஒன்றுக்கு வந்த வாசகத்தில் இரண்டு வரிகள் இருந்தன: “உங்கள் பாட்டிக்குக்கூடப் புரியும், அவ்வளவு எளிது! அப்பாவின் முதலீடும் அம்மாவின் வீட்டுச் செலவும் இனி ஒரே இடத்தில்.” நான் வழக்கம்போல் ஆளை மாற்றிப் படித்துப் பார்த்தேன். பாட்டி இருந்த இடத்தில் தாத்தாவை வைத்தாலும் வரி அப்படியே நின்றதால், பெண்களைத் தாழ்த்தவில்லை என்று முடிவு செய்து ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

வெளியான சில நாட்களில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் என்னிடம் வந்தது. “முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். அந்தக் ‘கூட’ யாருக்காக?” என்று ஒரு பெண்மணி கேட்டிருந்தார். பாட்டியைத் தாத்தாவாக்கியபோது பால் மாறியதே தவிர முதுமை மாறவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘பொறியாளருக்குக்கூடப் புரியும்’ என்று மாற்றிப் படித்திருந்தால் வரி உடனே கேலியாகியிருக்கும். யாரைக் கடைசிப் படியில் நிறுத்தியிருக்கிறோம் என்பதும் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் ‘கூட’, ‘ஆனாலும்’, ‘என்றாலும்’ ஆகிய மூன்றையும் முதலில் தேடிவிட்டுத்தான் மற்றதைப் படிக்கிறேன். அந்த வரி பின்னர், “மூன்று தட்டல்களில் பணம் போய்ச் சேரும், எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கலாம்” என்று மாறியது.

மணல்வீடு எழுதியது:
எழுபது வயதான என் தாயார் இத்தகைய வரியைப் படித்துச் சிரிப்பார். நகைச்சுவையே கூடாது என்கிறீர்களா?

வரிப்பார்வை எழுதியது:
அப்படிச் சொல்லவில்லை, நண்பரே. அந்த வரி பேரப்பிள்ளைகளிடம் பாட்டியைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதே செயலியைப் பயன்படுத்தும் பாட்டியும் அதைப் படிக்கிறார் என்பதே என் கவலை.

எடைக்கல் எழுதியது:
இரண்டாவது வரியைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. அப்பா முதலீடு செய்வதிலோ அம்மா செலவைப் பார்ப்பதிலோ தனித்தனியே குற்றமில்லை. இரண்டையும் அருகருகே வைத்ததுதான் சிக்கல். பிரிட்டனில் தீங்கு விளைவிக்கும் பாலினப் படிமங்களுக்கு எதிரான விளம்பர விதி 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் முதலில் தடை செய்யப்பட்டவற்றில் ஒன்று வோக்ஸ்வேகனின் மின்கார் விளம்பரம். அதில் விண்வெளி வீரர்களாக இரண்டு ஆண்கள் வந்தனர், செயற்கைக் காலுடன் நீளம் தாண்டும் ஆண் ஒருவர் வந்தார். பிறகு குழந்தை வண்டியருகே ஒரு பெண் அமர்ந்திருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் காட்டக் கூடாது என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. அந்த வரிசை உண்டாக்கிய முரண்தான் தடைக்குக் காரணமானது. எனவே நான் ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கு எதிரேயும் அவருக்குரிய வினைச்சொல்லை எழுதிக்கொள்கிறேன். யார் முடிவெடுக்கிறார், யார் உதவி பெறுகிறார் என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. முதலாளி எழுத்துத் தமிழிலும், பணியாள் வட்டார வழக்கிலும் பேசும் உரையாடல்கள் அடிக்கடி வருகின்றன. எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லாததால் அவை எளிதாகத் தப்பிவிடுகின்றன. அந்த வழக்கைப் பேசுகிறவர்களுக்கோ தங்களைத்தான் சொல்கிறார்கள் என்பது முதல் வாக்கியத்திலேயே விளங்கிவிடும்.

புதுவரவு எழுதியது:
இதற்கு நான் எளிய வழி வைத்திருக்கிறேன். ‘செய்தான்’, ‘செய்தாள்’ எல்லாவற்றையும் ‘செய்தார்’ என்று மாற்றிவிட்டால் பால் வேறுபாடே தெரியாது.

எடைக்கல் எழுதியது:
எழுத்தில் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் “மருத்துவர் வந்தார், செவிலியர் உதவினார்” என்று நீங்கள் சொல்வதுபோல் மாற்றிய ஒரு வரியை ஓவியரிடம் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மருத்துவர் ஆணாகவும் செவிலியர் பெண்ணாகவும் திரும்பி வருவார்கள். படம் சேர்ந்த பிறகு மறுபடியும் ஒருமுறை பார்க்காமல் நான் ஒப்புதல் தருவதில்லை.

ஆற்றுமேடு எழுதியது:
என் சிக்கல் சற்று வேறு. மூட்டு வலிக்கான தைலத்தின் விளம்பரத்தில் “வயதாகிவிட்டால் வலி சகஜம்தானே” என்ற வரியை நீக்கச் சொன்னேன். வயதைக் குறிக்காவிட்டால் வாங்க வேண்டியவர்கள் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள் என்கிறது விற்பனைப் பிரிவு. அவர்கள் சொல்வதும் தவறாகப் படவில்லை.

வரிப்பார்வை எழுதியது:
வயதைச் சொல்லாமல் செயலைச் சொல்லிப் பார்க்கலாம். “மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறதா?” என்றால் உரியவர் தானே நின்று படிப்பார், அதே வலியுள்ள இளைஞரும் படிப்பார். ஆனால் வயது வரம்புள்ள காப்பீட்டுத் திட்டத்துக்கு இது உதவாது. அங்கே வயதை அச்சிட்டே ஆக வேண்டும். அதை எந்தத் தொனியில் எழுதுவது என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே இன்னும் இருவேறு கருத்துகள் இருக்கின்றன.

ஆற்றுமேடு எழுதியது:
மாடிப்படி வரியை நாளை விற்பனைப் பிரிவிடம் காட்டுகிறேன். அவர்கள் ஏற்பார்களா என்பது சந்தேகம்தான்.