வாடகையை யாரிடம் கொடுப்பது? இன்டர்பிளீடர் வழக்கு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வீட்டு உரிமையாளர் இறந்து நாலு மாதம் ஆகிறது. உயில் இருக்கிறது, முழு வாடகையும் எனக்கே என்கிறார் மூத்த மகன். பாதி என் பங்கு என்கிறார் இளையவர். இருவருமே வக்கீல் நோட்டீஸ் விட்டாச்சு.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 88ஆம் பிரிவில் இன்டர்பிளீடர் வழக்குப் போட்டு, பணம் யாருக்கு என்று கோர்ட்டே முடிவு செய்யட்டும் என அங்கே கட்டிவிடலாம் என்றார் நண்பர். வாடகைதாரர் உரிமையாளரையும் வெளியாளையும் இப்படி மோதவிட முடியாதாம். இவர்கள் இருவரும் இறந்த உரிமையாளர் வழியாகவே உரிமை கேட்பதால் எனக்குத் தடையில்லை.

சிக்கல், குழாய் ரிப்பேருக்கு நான் போட்ட பணம். வழக்குச் செலவைத் தவிர வாடகைத் தொகையில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று பிராதில் சொல்ல வேண்டுமே! ரிப்பேரைக் கழித்துக் கட்டினால் வழக்கு நிற்குமா?

அதற்குள் இளையவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு என்னையும் சேர்த்துவிட்டால், வாடகையை அங்கேயே கட்ட மனுப் போட்டவர்கள் உண்டா?